பணம் போய்விட்டது, ஆர்டர் விழவில்லை

இணையக் கடையில் ஒரு பொருளை வாங்கப் போகிறோம். வங்கியிலிருந்து பணம் எடுத்த குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. ஆனால் கடையின் பக்கம் சுழன்றுகொண்டே இருந்து, கடைசியில் ‘மீண்டும் முயலவும்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. கடைக்குப் போன் போட்டால், “உங்க ஆர்டரே எங்களுக்கு வரலீங்களே” என்கிறார்கள். வங்கியைக் கேட்டால், பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். வங்கியின் கணக்கும் கடையின் கணக்கும் வெவ்வேறு கணினிகளில், வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஒன்றில் நடந்தது இன்னொன்றுக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றிருக்கிறது.

இப்படி நடுவில் நின்றுபோன வேலையை எப்படி முடிப்பது, முடிக்க முடியாவிட்டால் எப்படிப் பின்வாங்குவது என்பதற்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு புடவையை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிப் புடவை விற்கும் ஒரு கடைக்குச் சொந்த இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரக்கு நிறப் புடவை ஒன்று, விலை 1,850 ரூபாய், கையிருப்பில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தென்காசியிலிருந்து செல்வி என்பவர் அதை வாங்குவதற்குப் பொத்தானை அழுத்துகிறார். இந்த ஒரு அழுத்தலுக்குப் பின்னால் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். கடையின் ஸ்டாக் மென்பொருளில் அந்தப் புடவையை அவர் பெயருக்கு ஒதுக்க வேண்டும். பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் மூலம் 1,850 ரூபாய் வாங்க வேண்டும். கூரியர் நிறுவனத்தின் சர்வரில் பார்சலைப் பதிவு செய்து ஏர்வே பில் எண் வாங்க வேண்டும்.

இந்த மூன்றும் ஒரே டேட்டாபேஸில் இருந்திருந்தால் கவலையே இல்லை. டேட்டாபேஸ்களுக்கு ‘டிரான்சாக்‌ஷன்’ என்ற வசதி உண்டு. மூன்று மாற்றங்களையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்தால், நடந்தால் மூன்றும் நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடந்திருக்காது. நடுவில் கரண்ட் போனாலும், திரும்பி வந்ததும் அரைகுறையாகக் கிடப்பதைத் தானே துடைத்துவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த இடைநிலை கண்ணிலேயே படாது. ஆனால் இங்கே மூன்று நிறுவனங்கள், மூன்று டேட்டாபேஸ்கள். ஒன்றின் டிரான்சாக்‌ஷன் அதன் வாசற்படியோடு முடிந்துவிடுகிறது.

பல டேட்டாபேஸ்களைச் சேர்த்துக் கட்டவும் ஒரு வழி உண்டு. டேட்டாபேஸ் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜிம் கிரே 1978-இல் எழுதிய குறிப்புகளில் அதை விவரித்திருக்கிறார். ஓர் ஒருங்கிணைப்பாளர் முதலில் எல்லோரிடமும் “தயாரா?” என்று கேட்பார். எல்லோரும் “தயார்” என்று சொன்ன பிறகு “முடியுங்கள்” என்று உத்தரவு கொடுப்பார். இருகட்ட முறை என்று இதைச் சொல்லலாம். இதில் சிக்கல் எங்கே என்றால், “தயார்” என்று சொன்னவர் அடுத்த உத்தரவு வரும்வரை தன்னுடைய பதிவைப் பூட்டிவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒருங்கிணைப்பாளரின் கணினி படுத்துவிட்டால், பூட்டுப் போட்டவர் திறக்கவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் நிற்பார். ஒரே நிறுவனத்துக்குள் இதைச் சமாளித்துவிடலாம். சின்னாளப்பட்டிக் கடைக்காக ஒரு வங்கி தன் வாடிக்கையாளரின் கணக்கைப் பூட்டிவைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கப் போவதில்லை. கூரியர் நிறுவனமும் அப்படித்தான். அவர்கள் வெளியாருக்குக் கொடுத்திருப்பது ‘பதிவு செய்’, ‘ரத்து செய்’, ‘நிலை என்ன’ என்கிற மாதிரியான சில அழைப்புகள் மட்டும்.

அந்தச் சில அழைப்புகளைக் கொண்டே காரியத்தை முடிக்கும் வழி 1987-இல் எழுத்தில் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹெக்டர் கார்சியா-மொலினா, கென்னத் சேலம் ஆகிய இருவரும் ‘ஸாகாஸ்’ என்ற தலைப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது இணையக் கடை என்ற ஒன்றே கிடையாது. ஒரே டேட்டாபேஸில் நீண்ட நேரம் ஓடும் வேலைகள் மற்ற வேலைகளை மறித்துக்கொண்டு நிற்பதுதான் அவர்களுடைய கவலை. அவர்கள் சொன்ன தீர்வு எளிது. நீண்ட வேலையைச் சிறு சிறு படிகளாக உடையுங்கள். ஒவ்வொரு படியும் தனியாக நடந்து, தனியாக முடிந்துவிடட்டும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுகட்டும் ஓர் எதிர்ப்படியையும் முன்கூட்டியே எழுதிவைத்திருங்கள். நடுவில் ஒரு படி தோற்றால், அதற்குமுன் நடந்தவற்றுக்கான எதிர்ப்படிகளைக் கடைசியிலிருந்து முதல்வரை வரிசையாகச் செய்துகொண்டு பின்னோக்கி வாருங்கள். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, பெரிய மென்பொருள்களைச் சிறு சேவைகளாகப் பிரிக்கும் பழக்கம் பரவியபோது, இந்தப் பழைய கட்டுரை மறுபடியும் எல்லோர் மேசைக்கும் வந்தது. இன்றைக்கும் மென்பொருள்காரர்கள் இதை ‘ஸாகா’ என்றே சொல்கிறார்கள்.

எதிர்ப்படி என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். அது நடந்ததை அழிப்பது கிடையாது. கடைக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் தப்பாக வரவு வைத்த தொகையைச் சுரண்டி எடுக்க மாட்டார். கீழே அதே தொகைக்குப் பற்று எழுதி நேர்செய்வார், இரண்டு வரியும் ஏட்டில் நிற்கும். ரீஃபண்டும் அதே மாதிரிதான். செல்வியின் வங்கிக் கணக்கில் 1,850 போன வரி ஒன்று, வந்த வரி ஒன்று, இரண்டுக்கும் நடுவே சில நாட்கள். அந்த நாட்களில் அவருக்கு அந்தப் பணம் கையில் இல்லை என்பது நடந்துபோன விஷயம், எந்த எதிர்ப்படியும் அதை மாற்றாது. கார்டில் கட்டியிருந்தால் கேட்வே பிடித்துக்கொண்ட கட்டணம் பல ஒப்பந்தங்களில் கடைக்குத் திரும்ப வராது. ஜிஎஸ்டி பில் போட்டாகிவிட்டது என்றால், அதைக் கிழித்துப் போட முடியாது, கிரெடிட் நோட் ஒன்று போட வேண்டும். ஆக, ஒவ்வொரு எதிர்ப்படியும் தனக்கென்று செலவும் காகிதமும் காலமும் பிடிக்கிற ஒரு புதிய வேலை.

அதனால்தான் எந்தப் படியை முதலில் செய்வது என்கிற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது. திருப்ப எளிதான படிகள் முன்னால் வர வேண்டும், திருப்பக் கடினமானவை பின்னால் போக வேண்டும். ஸ்டாக்கில் ஒரு புடவையை ஒதுக்குவது கடையின் சொந்த மென்பொருளில் ஒரு வரி, விடுவிப்பதும் ஒரு வரி, காசு செலவில்லை. ஆகவே அது முதலில். பணம் வாங்குவது இரண்டாவது. கூரியர் பதிவு அதற்குப் பிறகு. பணத்தை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் ஸ்டாக்கைப் பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. அங்கே ஒரு புடவைக்கு இரண்டு பேர் பணம் கட்டிவிடுவார்கள், ஒருவருக்குக் கட்டாயம் ரீஃபண்ட் போட வேண்டியிருக்கும். படிகளை இடம் மாற்றினாலே தீர்ந்துபோகிற தொல்லை அது.

கார்டில் இன்னும் ஒரு வசதி இருக்கிறது. தொகையை முதலில் நிறுத்திவைக்கச் சொல்லலாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஹோட்டல் அறை எடுக்கும்போது கார்டைத் தேய்த்து வாங்கி வைத்துக்கொள்வது இந்த வகை. கூரியர் பதிவானதும் பணத்தை எடுத்தால் போதும். இடையில் தகராறு என்றால் நிறுத்திவைத்ததை விடுவித்துவிடலாம், ரீஃபண்ட் என்ற பேச்சே எழாது. நாம் அன்றாடம் செய்யும் சாதாரண யுபிஐ செலுத்தலில் இப்படி இரண்டு கட்டம் கிடையாது. பின் நம்பரைப் போட்டதும் பணம் கணக்கை விட்டுப் போய்விடும். ஆகவே யுபிஐயை நம்பி நடக்கும் கடைக்குப் பணம் வாங்கும் படிதான் ஆற்றைத் தாண்டும் இடம். அதற்கு முன்னால் எது தவறினாலும் சத்தமில்லாமல் பின்வாங்கிவிடலாம். அதற்குப் பின்னால் தவறினால், கூடியமட்டும் முன்னேறிப் போய் முடிக்கப் பார்க்க வேண்டும்.

முன்னேறிப் போவது என்பது வெறும் பிடிவாதம் ஆகாது. செல்வி பணம் கட்டிவிட்டார், ஆனால் கூரியர் நிறுவனம் அந்தப் பகுதிக்கு இப்போது பார்சல் எடுப்பதில்லை என்கிறது. உடனே ரீஃபண்ட் போடுவது அவசரம். இன்னொரு கூரியரைக் கேட்கலாம், அதுவும் இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்ட் இருக்கிறது. செல்வி கேட்டது புடவையை, ரீஃபண்டை அவர் கேட்கவில்லை. அந்த 1987 கட்டுரையிலேயே பின்னோக்கி மீள்வது, முன்னோக்கி மீள்வது என்று இரண்டும் பேசப்படுகின்றன. மென்பொருள் எழுதுகிறவர்களில் பலர் பின்னோக்குவதை மட்டும் படித்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, பின்னோக்கியே ஆக வேண்டிய நிலை ஒன்றைப் பார்ப்போம். ஒதுக்கியாயிற்று, பணம் வந்தாயிற்று, கூரியர் பதிவாகி ஏர்வே பில் எண்ணும் வந்துவிட்டது. பேக்கிங் செய்யும் பையன் அலமாரியில் கை வைக்கிறான், புடவை இல்லை. காலையில் கடைக்கு நேரில் வந்த ஒருவர் அதை வாங்கிப் போயிருக்கிறார். கல்லாவில் பில் போட்டவர் இணைய ஸ்டாக்கில் கழிக்கவில்லை. கடையும் இணையதளமும் சேர்ந்து நடத்துகிறவர்களுக்கு மிகவும் பழக்கமான விபத்து இது.

இப்போது ஸாகா பின்னோக்கி நடக்கிறது. முதலில் கூரியரை ரத்து செய்ய வேண்டும். வண்டி இன்னும் பார்சல் எடுக்க வரவில்லை என்பதால் ஓர் அழைப்பில் முடிந்துவிடும். எடுத்துக்கொண்டு போன பார்சலாக இருந்தால் இந்த எதிர்ப்படி வேறு உருவம் எடுத்திருக்கும். அதைத் திரும்ப வரவழைக்க வேண்டும், திரும்பி வரும் கூலியையும் பெரும்பாலும் கடைதான் கொடுக்க வேண்டும். எதிர்ப்படிகளுக்குக் கெடுவும் உண்டு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குப் போடும் இ-வே பில்லை, போட்ட 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். இந்தப் புடவைக்கு அது தேவைப்படாது, வேறு மாநிலத்து மொத்த வியாபாரிக்கு ஐம்பது புடவை போனால் தேவைப்படும்.

அடுத்து ரீஃபண்ட். கேட்வேக்கு 1,850 திருப்பச் சொல்லி அழைப்பு போகிறது. கடைசியாக ஸ்டாக். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒதுக்கியதன் எதிர்ப்படி விடுவிப்பது. விடுவித்தால் ஸ்டாக் மறுபடியும் ஒன்று என்று காட்டும். இல்லாத புடவை மறுபடியும் விற்பனைக்கு வரும், அடுத்த பெண் பணம் கட்டுவார், அவருக்கும் இதே கதை. எதிர்ப்படி வெறுமனே கழித்ததைக் கூட்டிவிடக் கூடாது. ஏன் பின்வாங்குகிறோம் என்ற காரணம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கியவர் மனம் மாறினார் என்றால் ஸ்டாக் ஒன்று. பொருளே இல்லை என்றால் ஸ்டாக் பூஜ்யம், கூடவே கடைக்காரருக்கு ஒரு தகவல். மென்பொருளில் ‘ரத்து’ என்று ஒரே பொத்தான் வைத்தால் இந்த வித்தியாசம் தொலைந்துபோகும்.

திருப்ப முடியாத இன்னொன்றும் நடந்திருக்கிறது. செல்விக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் மதுரையிலிருந்து ஒருவர் அதே புடவையைப் பார்க்க வந்து, ‘ஸ்டாக் இல்லை’ என்று கண்டு போய்விட்டார். செல்வியின் ஆர்டர் நடுவில் முறிந்திருந்தால், அந்த மதுரைக்காரர் பார்த்தது பொய்யாகிவிடும். டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனில் வெளியார் இடைநிலையைப் பார்ப்பதில்லை, ஸாகாவில் பார்ப்பார்கள். இதை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். ‘இருக்கிறது’, ‘விற்றுவிட்டது’ என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே ‘ஒதுக்கியிருக்கிறது’ என்று மூன்றாவது ஒன்றை வைத்து, பார்க்கிறவரிடமும் அதையே சொன்னால், அவர் பதினைந்து நிமிடம் கழித்து வந்து பார்க்கலாம்.

இதுவரை பார்த்ததெல்லாம் தோல்வி என்று தெளிவாகத் தெரிந்த தோல்விகள். கூரியர் “முடியாது” என்றது, அலமாரியில் புடவை இல்லை. இவற்றைச் சமாளிப்பது கடினம் இல்லை. உண்மையில் ஆளை அடிப்பது, நடந்ததா இல்லையா என்றே தெரியாத நிலை.

கூரியர் நிறுவனத்துக்குப் பதிவு அழைப்பு போனது. பத்து விநாடி ஆயிற்று, பதில் இல்லை. மென்பொருள் காத்திருப்பதை நிறுத்திக்கொள்கிறது. இதை டைம்அவுட் என்பார்கள். இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. அழைப்பு போய்ச் சேரவே இல்லை. அல்லது சேர்ந்தது, பதிவும் ஆனது, பதில்தான் வழியில் தொலைந்தது. அல்லது அழைப்பு அங்கே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது, இன்னும் அரை நிமிடத்தில் பதிவாகும். நம் பக்கம் இருந்து பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். தோல்வி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கூரியரில் பதிவு செய்தால், ஒரு புடவைக்கு இரண்டு வண்டி வந்து வாசலில் நிற்கலாம். வெற்றி என்று எடுத்துக்கொண்டால், வண்டியே வராமல் போகலாம்.

இதற்கு மருந்து, அழைப்பைத் திரும்பச் செய்தாலும் கேடு வராதபடி அமைத்துக்கொள்வதுதான். ஒவ்வொரு அழைப்போடும் மாறாத ஓர் அடையாள எண்ணை அனுப்ப வேண்டும். ஆர்டர் எண்ணோடு படியின் பெயரைச் சேர்த்தால் போதும். அதே எண்ணோடு இரண்டாவது அழைப்பு வந்தால், எதிர்ப்பக்கம் புதிதாக எதுவும் செய்யாமல் முதலில் கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கும். பெரும்பாலான பேமென்ட் கேட்வேக்கள் இந்த வசதியைத் தருகின்றன. ரீஃபண்டுக்கு இது மிக மிகத் தேவை. பதில் வரவில்லை என்று இரண்டாம் முறை அனுப்பிய ரீஃபண்ட், அடையாள எண் இல்லாமல் போயிருந்தால், கேட்வேயின் கண்ணுக்கு அது புதிய கோரிக்கை. முழுத் தொகையும் ஏற்கெனவே திரும்பியிருந்தால் கேட்வே மறுத்துவிடலாம். ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய நான்கு பொருளில் ஒன்றுக்கு மட்டும் 250 ரூபாய் திருப்பும்போது, இரண்டு முறை 250 போவதைத் தடுக்க அங்கே எந்தக் காரணமும் இல்லை.

கடையின் சொந்தக் கணினியே நடுவில் நின்றுபோனால்? அதற்கு ஒரு பதிவேடு வேண்டும். ஒவ்வொரு படியையும் செய்வதற்கு முன்னால் ‘தொடங்கினேன்’ என்றும், பதில் வந்த பிறகு ‘முடிந்தது’ என்றும் கடையின் டேட்டாபேஸில் ஒரு வரி எழுதப்படும். செல்வியின் ஆர்டர் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனதென்றால், கணினி எழுந்ததும் பார்ப்பது இதைத்தான்:

```
ORD-7315  HOLD_STOCK    DONE
ORD-7315  TAKE_PAYMENT  DONE
ORD-7315  BOOK_COURIER  STARTED
```

மூன்றாவது வரி தொடங்கியதோடு நிற்கிறது. கூரியரிடம் அழைப்பு போனதா என்பதை இந்த ஏடு சொல்லாது, போயிருக்கலாம் என்று மட்டும் சொல்கிறது. அதே அடையாள எண்ணோடு மறுபடி அழைத்தால் விடை கிடைத்துவிடும். ‘தொடங்கினேன்’ என்பதை முன்னால் எழுதுவதுதான் இதில் உயிர். பின்னால் எழுதலாம் என்று விட்டால், அழைப்பு போய், எழுதுவதற்குள் கணினி நின்று, கூரியர் பதிவானது யாருக்கும் தெரியாமல் போகும். இந்த ஏட்டை வைத்துக்கொண்டு படிகளை நடத்துவதற்கென்றே டெம்போரல், கமுண்டா போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. சிறிய கடைக்கு டேட்டாபேஸில் ஓர் அட்டவணையும், நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி அரைகுறை வரிகளைத் தேடும் ஒரு நிரலும் போதும்.

பதிவேட்டை ஓர் இடத்தில் வைத்து ஒருவர் நடத்துவது ஒரு முறை. இன்னொரு முறையில் நடத்துநர் இல்லை. ஸ்டாக் சேவை ‘ஒதுக்கியாயிற்று’ என்று அறிவிக்கும், அதைக் கேட்டுப் பேமென்ட் சேவை தன் வேலையைத் தொடங்கும், அது அறிவித்ததும் கூரியர் சேவை கிளம்பும். இரண்டு மூன்று படிகளுக்கு இது அழகாக ஓடும். படிகள் பெருகியதும், ஓர் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க நாலு சேவைகளின் பதிவுகளைத் தோண்ட வேண்டியிருக்கும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நடத்துநர் ஒருவர் இருப்பதையே நான் விரும்புவேன். செல்வி போன் செய்து “அண்ணா, என் ஆர்டர் என்னாச்சு?” என்று கேட்டால், எடுத்துப் பார்க்க ஒரே இடம் இருக்கும்.

அடையாள எண் இருந்தும் சில சமயம் ஒரு விநோதம் நடக்கும். கூரியர் பதிவுக்குப் பதில் வராமல் செல்வியே ஆர்டரை ரத்து செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை உடனே கூரியருக்கு ‘ரத்து’ அனுப்புகிறது. ஆனால் முதலில் போன ‘பதிவு’ இன்னும் எங்கோ வரிசையில் தங்கி நிற்கிறது. ரத்து முந்திக்கொண்டு போய்ச் சேர்கிறது. “அப்படி ஒரு பதிவே இல்லையே” என்று கூரியர் சொல்ல, கடை ‘நல்லது, ஒன்றும் ஆகவில்லை’ என்று ஆர்டரை மூடிவிடுகிறது. அரை நிமிடம் கழித்துப் பழைய ‘பதிவு’ வந்து சேர்ந்து, பதிவாகியும் விடுகிறது. மறுநாள் வண்டி வந்து நிற்கிறது, கொடுக்கப் பார்சல் இல்லை. இதைத் தடுக்க வேண்டுமானால், தெரியாத எண்ணுக்கு ரத்து வந்தாலும் ‘இந்த எண் ரத்தானது’ என்று பெறுகிற பக்கம் குறித்துவைக்க வேண்டும். பின்னால் அதே எண்ணுக்குப் பதிவு வந்தால் மறுத்துவிடும். நம் சொந்தச் சேவைகளில் இதைச் செய்துகொள்ளலாம். கூரியர் நிறுவனத்தின் சர்வரில் நாம் கை வைக்க முடியாது என்பதால், அங்கே ரத்து செய்த பிறகும் சில நிமிடங்கள் விட்டு நிலையை மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

தாமதமாக வருவதில் மிகவும் தொல்லை கொடுப்பது பணம். கடை பதினைந்து நிமிடத்துக்குத்தான் புடவையை ஒதுக்கிவைக்கிறது. செல்வி பதினான்காவது நிமிடத்தில் பின் நம்பரைப் போடுகிறார். வங்கியில் கூட்டம், ‘வெற்றி’ என்ற செய்தி கடைக்குப் பதினாறாவது நிமிடம் வருகிறது. அதற்குள் ஒதுக்கீடு காலாவதியாகி, ஆர்டர் மூடப்பட்டுவிட்டது. பல இணையதளங்களில் மூடிய ஆர்டருக்கு வந்த வெற்றிச் செய்தியை நிரல் தூக்கிப் போட்டுவிடும். பணம் கடையின் கணக்கில், ஆர்டர் எங்கும் இல்லை. தொடக்கத்தில் சொன்ன அந்தத் தொலைபேசி உரையாடல் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். மூடிய ஆர்டருக்குப் பணம் வந்தால், முதலில் புடவை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மறுபடி ஒதுக்கி ஆர்டரை எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் யாரும் கேட்காமலேயே ரீஃபண்ட் கிளம்ப வேண்டும். ஒதுக்கீட்டின் கெடுவைப் பணம் செலுத்தும் கெடுவைவிடச் சில நிமிடங்கள் நீட்டி வைத்தால் இந்த விபத்தே பாதியாகக் குறையும். பணம் செலுத்த பத்து நிமிடம், ஒதுக்கீடு பதினைந்து நிமிடம் என்பது போல.

வங்கியில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தியே வராத நிலைக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு கெடு வகுத்தது. யுபிஐ வழியாகக் கடைக்குச் செலுத்தியது அப்படி நின்றுபோனால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு ஈடாகத் தர வேண்டும், அவர் புகார் கொடுக்கக் காத்திருக்கக் கூடாது. கடைக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, கடையின் மென்பொருள் அதைத் தூக்கிப் போட்டிருந்தால் வங்கிகளின் கண்ணில் அது வெற்றிகரமான பரிவர்த்தனை. அந்தப் பணத்தை எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் கடைக்காரர். வாடிக்கையாளர் முதலில் வங்கிச் செயலியில் பரிவர்த்தனையின் நிலையைப் பார்த்துவிட்டு, ‘வெற்றி’ என்றிருந்தால் அதன் யுடிஆர் எண்ணைக் கடைக்குக் கொடுப்பது நல்லது. கடையின் கேட்வே கணக்கில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் பணம் கண்ணில் பட்டுவிடும்.

எதிர்ப்படியே தோற்றால் என்ன செய்வது? ரீஃபண்ட் போகவில்லை என்பதற்காக ரீஃபண்டுக்கு ஓர் எதிர்ப்படி எழுத முடியாது. அது முடியும்வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும். ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவார்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே திணறும் சர்வரை நம் முயற்சியே படுக்கவைத்துவிடும். ஆனால் எத்தனை முறை முயன்றாலும் தேறாத தோல்விகள் உண்டு. கேட்வே கணக்கில் அன்றைக்குத் திருப்பிக் கொடுக்கப் போதிய இருப்பு இல்லை, அல்லது பணம் வந்த வங்கிக் கணக்கு இடையில் மூடப்பட்டுவிட்டது. இவை தனி வரிசை ஒன்றில் போய் நிற்க வேண்டும், அந்த வரிசைக்கு ஒரு மனிதர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் போன் செய்து வேறு கணக்கு எண் வாங்கி, பணத்தை அனுப்பிவிட்டு, பதிவேட்டில் ‘கையால் முடித்தது’ என்று குறிப்பார். அந்தக் குறிப்பு விட்டுப்போனால், நிரல் மறுநாள் விழித்துக்கொண்டு அதே ரீஃபண்டை மறுபடி அனுப்பும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில ஆர்டர்கள் நழுவும். அவற்றைப் பிடிக்க, முந்தைய நாளின் கேட்வே பட்டியலையும் கடையின் ஆர்டர் அட்டவணையையும் தினமும் காலையில் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பணம் இருந்து ஆர்டர் இல்லாதவை, ஆர்டர் இருந்து பணம் இல்லாதவை, ரத்தானதாகக் குறித்தும் ரீஃபண்ட் வரி இல்லாதவை என்று மூன்று வகைதான் தேறும். கூரியர் நிறுவனத்தின் பில்லோடும் மாதம் ஒருமுறை இதையே செய்தால், ரத்தான பார்சலுக்குப் போட்ட கூலி வெளியே வரும். ஒரு நாளில் இந்தப் பட்டியல் இரண்டு மூன்று வரியோடு நின்றால் கைவேலையாகவே தீர்த்துவிடலாம். ஒரே வகை வரி நாள்தோறும் திரும்பத் திரும்ப வந்தால், எந்தப் படிக்கு எதிர்ப்படி எழுதாமல் விட்டோம் என்று அந்த வகையே காட்டிக்கொடுத்துவிடும்.